இந்த மணிக்கு நூறு

இருநூற்று அறுபது வீடுகள் கொண்ட அந்த அடுக்கு மாடிக் குடியிருப்பில் அவளுக்கு வைத்த பெயர் கோட்டா அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. "அக்கா, எங்க வீட்டுத் தண்ணி புகார எல்லாருக்கும் மெயில் போடுங்க" என்று யார் வந்து நின்றாலும், "இந்த மணிக்குக் கோட்டா முடிஞ்சிருச்சு, அடுத்த மணிக்கு வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ளும் உரிமை நிரந்தர ஊழியர்களுக்கு உரியது என்பது அவளுடைய எண்ணம். அவள் தற்காலிகம்.

பதினோரு வருடமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை, "தங்கள் தற்காலிகப் பணி மேலும் ஆறு மாதங்களுக்கு நீட்டிக்கப்படுகிறது" என்று தனக்குத்தானே கடிதம் தட்டச்சு செய்து, அச்செடுத்து, சங்கத்தின் செயலாளரிடம் கையெழுத்துக்கு நீட்டுவாள். அப்படி இருபத்திரண்டு கடிதங்கள் ஆகிவிட்டன. போன வருடம் காய்ச்சலில் மூன்று வாரம் படுத்தபோது சம்பளம் இல்லை என்பதைவிட, தன் நாற்காலியில் வேறு யாரையாவது உட்கார வைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் அவளை அதிகம் வாட்டியது. ஜுரம் முழுசாக விடுவதற்குள் எழுந்து ஓடிவந்தாள். தையல்காரரான அவள் கணவர் வாசல் வரை வந்து, "தற்காலிகமா ஒரு நாள் படுத்துக்கக் கூடாதா?" என்று கேட்டார். அது கேலியா வருத்தமா என்று அவருக்கே தெரியாது.

இந்த வருடப் பொதுக்குழுவில் ஒன்பதாவது பொருள்: "அலுவலக உதவியாளர் பணியை நிரந்தரமாக்குதல்." முதல் எட்டுப் பொருள்கள் மோட்டார், மின்தூக்கி, வாகனம் நிறுத்துமிடம், மறுபடியும் மோட்டார். ஒன்பதாவதைப் பட்டியலில் சேர்க்க அவள் இரண்டு வருடம் செயலாளரின் பின்னால் நடந்தாள். அவர் கடைசியில் சேர்த்ததற்குக் காரணம் அவளுடைய உழைப்பு அல்ல. எட்டில் முடித்தால் பக்கம் பாதியில் வெறுமையாக நிற்கிறது என்று அவருக்கு ஒரு குறை இருந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சங்கத்தின் விதிப் புத்தகத்தில், கூட்டத்துக்கு இருபத்தொரு நாள் முன்பே, மாலை ஆறு மணிக்குள், ஒவ்வொரு உரிமையாளருக்கும் அழைப்பு அனுப்பியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. சங்கத்தின் சொந்த மெயில் முகவரியிலிருந்து அனுப்பலாம், அல்லது கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கலாம். ஒரு வீடு விட்டுப்போனாலும் கூட்டம் செல்லாது, அடுத்த வருடம்தான். உரிமையாளர்களில் பாதிப் பேர் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு எங்கெங்கோ இருக்கிறார்கள். அதனால் கையில் கொடுப்பது நடக்காத காரியம். மெயில்தான் ஒரே வழி.

அந்த மெயிலுக்குத்தான் கோட்டா. சங்கத்தின் இணையதளமும் மெயிலும் ஒரு ஹோஸ்டிங் கம்பெனியில், இருப்பதிலேயே சின்ன திட்டத்தில் இருந்தன. அதில் ஒரு மணி நேரத்துக்கு நூறு மெயில், ஒரு நாளைக்கு ஐந்நூறு. கடிகாரத்தில் மணி மாறினால் அந்த நூறு புதிதாகத் தொடங்கும். நள்ளிரவு தாண்டினால் ஐந்நூறு. உள்ளே வருவதற்குக் கணக்கில்லை. வெளியே போவது எல்லாம் கணக்கு. ஒரே கடிதத்தை இருநூற்று அறுபது பேருக்கு அனுப்பினால் அது ஒன்றல்ல, இருநூற்று அறுபது.

இதைச் செயலாளருக்குப் புரியவைக்க அவள் எடுத்த முயற்சியை வேறெதிலாவது காட்டியிருந்தால் ஒரு பட்டமே வாங்கியிருப்பாள். அவர் ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி. ஓய்வு பெற்றது வேலையிலிருந்து மட்டும்தான்.

அழைப்பு அனுப்ப வேண்டிய கடைசி நாள் காலை, பதினொரு மணிக்கு, அவள் தன் திட்டத்தைச் சொன்னாள்.

"சார், பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூறு வீடு, ஒரு மணிக்குத் தொண்ணூறு, ரெண்டு மணிக்கு எண்பது. மணிக்குப் பத்து இருபது கையில மிச்சம் இருக்கும். சாயங்காலம் வரைக்கும் இழுக்காது."

"எதுக்கும்மா இப்படி ரேஷன் கடை மாதிரி? ஒரே மெயிலா போட வேண்டியதுதானே."

"ஒரே மெயில்தான் சார். ஆனா வாங்கறவங்க எத்தன பேரோ, அத்தனையா எண்ணுவாங்க."

"அப்போ எல்லாரையும் பிசிசில போடு. பிசிசில போட்டா யாரு பேருமே கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாதத எப்படிம்மா எண்ணுவான்?"

"நமக்குத்தான் சார் தெரியாது. சர்வருக்குத் தெரியும். அதுதானே கொண்டுபோய்க் குடுக்கணும்."

செயலாளர் சர்வரை ஒரு நன்றிகெட்ட கீழ்நிலை ஊழியரைப் பார்ப்பது போல ஜன்னல் வழியாகப் பார்த்தார். அங்கே சர்வர் இல்லை. தண்ணீர்த் தொட்டிதான் இருந்தது.

பன்னிரண்டு அடிக்கக் காத்திருந்த இடைவெளியில் அவள் மின்தூக்கி பழுது பார்க்க வந்தவருக்குச் சாவி கொடுக்க ஏ பிளாக் வரை போனாள். திரும்பி வரப் பன்னிரண்டே கால் ஆகிவிட்டது. அலுவலகத்தில் செயலாளர் இல்லை. மேசை மேல் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. "அழைப்பை நானே அனுப்பிவிட்டேன். ஒரு நிமிடம்தான் ஆயிற்று."

அவள் உடனே அலுவலக மெயிலைத் திறந்து பார்த்தாள்.

அவர் அனுப்பியது தன் கைபேசியிலிருந்து, சங்கத்தின் குழு முகவரிக்கு. அந்த முகவரிக்கு 'எல்லாரும்' என்று பெயர். அதற்கு ஒரு கடிதம் வந்தால் சர்வர் அதை இருநூற்று அறுபது வீட்டுக்கும் திருப்பி அனுப்பும். செயலாளருக்கு அது ஒரே மெயில். அவர் கைபேசியிலிருந்து உள்ளே வந்ததும் ஒன்றுதான், அதில் பொய்யில்லை. வெளியே போக வேண்டியதுதான் இருநூற்று அறுபது. முதல் நூறு வீட்டுக்குப் போயிற்று. கம்பெனி கொஞ்சம் இரக்கப்பட்டு அடுத்த இருபத்தைந்தை அடுத்த மணிக்கென்று வரிசையில் நிறுத்திவைத்தது. மீதி நூற்று முப்பத்தைந்தையும், "மணிக்கான அளவு கடந்துவிட்டது" என்று அலுவலக மெயிலுக்கு ஒரு வரி எழுதி உதறிவிட்டது.

அது அதோடு நிற்கட்டும் என்றால், இங்கேதான் குடியிருப்பின் பண்பாடு குறுக்கே வந்தது. இங்கே யாரும் யாருக்கும் தனியாகப் பதில் எழுதுவதில்லை, ரிப்ளை ஆல். ஏ பிளாக் மூன்றாம் மாடிக்காரர் மூன்று வருடமாக எல்லாக் கடிதத்துக்கும் "நன்றி" என்று ஒரு சொல் எழுதி எல்லாருக்கும் அனுப்புகிறவர். அந்த ஒரு சொல்லும் இருநூற்று அறுபதுதான். நன்றி என்பதற்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கணினியை நிறுத்தினாலும் இது நிற்காது. ஹோஸ்டிங் கம்பெனியின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய் 'எல்லாரும்' முகவரியை மூட வேண்டும். அதன் கடவுச்சொல் செயலாளரின் டைரியில். டைரி அவர் வீட்டில். செயலாளர் மதியத் தூக்கத்தில். அவர் தூங்கும் நேரத்தில் கைபேசியை அணைத்து, அழைப்பு மணியின் கம்பியையும் பிடுங்கிவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம். அவள் ஆறு மாடி ஏறிக் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து குறட்டைதான் பதில் சொன்னது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "ரெண்டு மணிக்கு மேலதான்" என்று ரயில் நேரம் சொல்வது போலச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஒரு மணி ஆனது. வரிசையில் நின்ற இருபத்தைந்து அழைப்புகள் போயின. ஒரு மணி மூன்று நிமிடத்துக்கு நன்றி வந்தது. மிச்சமிருந்த எழுபத்தைந்து இடத்தையும் அது தின்றுவிட்டு, தன் பங்குக்கு இருபத்தைந்து நன்றியை வரிசையில் நிறுத்தியது. இரண்டு மணிக்கு அவை போயின. இரண்டு ஐந்துக்குப் பி பிளாக் வழக்கறிஞர், "அழைப்பிதழில் 'மின்தூக்கி' என்று இருக்கிறது, 'மின்தூக்கிகள்' என்று இருந்திருக்க வேண்டும், நம்மிடம் மூன்று உள்ளன" என்று எல்லாருக்கும் சுட்டிக்காட்டினார். மறுபடி எழுபத்தைந்து போச்சு, இருபத்தைந்து வரிசையில்.

அவள் ஒரு தாளில் கணக்குப் போட்டாள். காலையிலேயே நாற்பது போயிருந்தது. யாராவது அலுவலகத்துக்கு எழுதினால் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று தானாகப் போகும் பதில், இணையதளப் புகார்ப் படிவத்தில் ஒருவர் எழுதினால் ஐந்து நிர்வாகிகளின் சொந்த முகவரிக்கும் போகும் தகவல், எல்லாம் கணக்கில்தான். நாற்பதும் மூன்று நூறும் முந்நூற்று நாற்பது. இன்றைக்கு மிச்சம் நூற்று அறுபது. அழைப்பு போகாத வீடுகள் நூற்று முப்பத்தைந்து. இன்னும் ஒரே ஒரு நன்றி கிளம்பினால் போதும், ஒன்பதாவது பொருள் அடுத்த வருடம். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது, அழுதால் எழுத்து கலையும் என்று தாளைத் தள்ளி வைத்தாள்.

இரண்டே காலுக்குச் செயலாளர் முகம் கழுவிப் பளிச்சென்று வந்தார்.

"எல்லாருக்கும் போயிடுச்சா?"

"நூத்தி இருபத்தஞ்சு வீட்டுக்குத்தான் சார் போயிருக்கு."

"அதெப்படி? எனக்கு வந்துச்சே!"

"நீங்க ஏ பிளாக் முதல் வரிசை சார். கடவுச்சொல் குடுங்க. 'எல்லாரும்' முகவரிய மூடணும்."

"மூடறதா? குடியிருப்போர் குரல மூடச் சொல்றியா? என் மெயில நிறுத்த நீ யாரும்மா?"

பதினோரு வருடத்தில் அவள் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. "கூட்டம் செல்லாமப் போனா வழக்கறிஞர் சார் காரணம் கேட்டு எல்லாருக்கும் எழுதுவார் சார். யாரு அனுப்பினதுன்னும் கேப்பார்" என்றாள்.

செயலாளர் டைரியை எடுத்துவர ஆறு மாடி ஏறினார். மின்தூக்கியில் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனதும் அவள் 'எல்லாரும்' முகவரியை மூடினாள். தானாகப் போகும் பதிலை அணைத்தாள். புகார்ப் படிவத்தின் தகவலை நிறுத்தினாள். பிறகு கம்பெனியின் உதவி எண்ணுக்கு அடித்தாள். அங்கே பேசும் பெண்ணுக்கு இவள் குரல் பழக்கம்.

"சொல்லுங்க மேடம். மறுபடியும் நன்றியா?"

"நன்றி, அப்புறம் ஒரு இலக்கணத் திருத்தம். வரிசையில இருபத்தஞ்சு நிக்குதும்மா. அது மூணு மணிக்குக் கிளம்பிடக் கூடாது."

"அழிச்சிடறேன். ஆனா போனது போனதுதான் மேடம், அது கணக்குலேர்ந்து குறையாது. தப்பு முகவரிக்குப் போய்த் திரும்பி வந்ததும் அனுப்பினதாத்தான் ஏறும்."

"அளவ இன்னிக்கு மட்டும் கொஞ்சம் உயர்த்த முடியுமா?"

"திட்டத்த மாத்தணும் மேடம். செயலாளர் எழுதிக் குடுத்தா நாளைக்கு ஆயிடும். இல்லன்னா இந்த மாதிரி கூட்டமா அனுப்பறதுக்குன்னே தனிச் சேவை இருக்கு, உங்க முகவரி பேருலயே அனுப்பலாம். நிறைய தடவ சொல்லியிருக்கோம்."

அவள் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு அதைச் செயலாளரிடம் சொன்னாள். "நம்ம பட்டியல வெளியாளுக்குக் குடுக்கறதா?" என்று அவர் பதறினார். அந்தப் பட்டியல் வாசல் அறிவிப்புப் பலகையில் ஊசி குத்தித் தொங்கிக்கொண்டிருந்தது.

நிர்வாகப் பக்கத்தில் எந்த முகவரிக்குப் போயிற்று, எது தள்ளப்பட்டது என்று வரிவரியாக இருந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதைப் பார்த்து, போகாத நூற்று முப்பத்தைந்து வீட்டையும் தனியாக எழுதினாள். மூன்று மணி ஒரு நிமிடத்துக்குத் தொண்ணூறு அனுப்பினாள். இரண்டு முகவரிகள் செத்தவை, உடனே திரும்பி வந்தன. விதிப்படி அனுப்பினால் போதும், கிடைக்க வேண்டும் என்றில்லை. அவற்றின் மேல் ஒரு கோடு போட்டு வைத்தாள்.

மூன்றரைக்குச் செயலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. "மதியம் நடந்த குழப்பத்துக்கு ஒரு வருத்தக் கடிதம் எல்லாருக்கும் போட்டுடலாமா? ரெண்டே வரி."

"ரெண்டு வரின்னாலும் இருநூத்தி அறுபது சார்."

"நாலு வரின்னா?"

"அதுவும் இருநூத்தி அறுபதுதான் சார்."

"அப்போ நாலு வரியே எழுதிடலாம்."

"நாளைக்கு எழுதுங்க சார்" என்று சொல்லி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாலு மணி ஒரு நிமிடத்துக்கு மீதி நாற்பத்தைந்து போயிற்று. நானூற்று எழுபத்தைந்து. பட்டியலில் கடைசி வீட்டுக்கு எதிரேயும் 'போயிற்று' என்று வந்தது. இன்னும் இருபத்தைந்து மிச்சமிருந்தது. பதினோரு வருடத்தில் நாள் முடிவில் மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான்.

இருபத்தொரு நாள் கழித்துக் கூட்டம் நடந்தது. மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடியது. மின்தூக்கியா மின்தூக்கிகளா என்பது நாற்பது நிமிடம். ஒன்பதாவது பொருளைப் படித்ததும் ஏ பிளாக் நன்றிக்காரர் எழுந்தார். கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் அவர் வாயையே பார்த்தாள்.

"கோட்டா அக்கா இன்னும் நிரந்தரம் இல்லையா? நான் ஆகி ரொம்ப நாளாச்சுன்னுல்ல நினைச்சேன்!"

எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்களாம். ஒரு நிமிடத்தில் கைகள் உயர்ந்தன. பதினோரு வருடமும் இரண்டு வருட நடையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிட்டன. சந்தோஷப்படுவதா, இதைக் கேட்க யாருக்கும் முன்பே தோன்றவில்லையே என்று ஆத்திரப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன. "அழைப்பை நானே நேரடியாகக் கவனித்து அனுப்பினேன்" என்று செயலாளர் நன்றியுரையில் சொன்னார். கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை நியமனக் கடிதம். அதையும் அவளே தட்டச்சு செய்தாள். இருபத்து மூன்றாவது கடிதம். 'நீட்டிக்கப்படுகிறது' என்ற சொல் இல்லாத முதல் கடிதம். "இக்கடிதம் அனுப்பப்படும் நாளிலிருந்து" பணி நிரந்தரம் என்று இருந்தது. சங்க முகவரியிலிருந்து அவளுடைய சொந்த முகவரிக்கு, தலைவருக்கு ஒரு நகல். நாலரைக்குச் செயலாளர் தன் விரலாலேயே பொத்தானை அழுத்தினார். அரை நிமிடத்தில் கடிதம் திரும்பி வந்தது. மணிக்கான அளவு கடந்துவிட்டது.

அவள் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். 'எல்லாரும்' முகவரி திறந்து கிடந்தது. மூன்றே முக்காலுக்குச் செயலாளர் அதைத் திறந்து, தன் கைபேசியிலிருந்து நல்ல செய்தியை எல்லாருக்கும் அறிவித்திருந்தார். கிடைத்தவர்களில் முப்பத்தொரு பேர் எல்லாருக்கும் பதில் எழுதியிருந்தார்கள். "வாழ்த்துகள் அக்கா." "வாழ்த்துகள்." "தகுதியானவர்." "நன்றி."

அவள் அத்தனையையும் படித்தாள். பதினோரு வருடத்தில் இத்தனை பேர் சேர்ந்து அவளை வாழ்த்தியதில்லை. அவளுடைய கடிதத்தை மறித்துக்கொண்டு நின்றதும் அந்த வாழ்த்துகள்தான். சிரிப்பு வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் முகத்தையே முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அனுப்பிக்கலாம்மா. எங்க ஓடிடப் போவுது?" என்றார் செயலாளர், பையை எடுத்துக்கொண்டே.

அவள் அச்சு இயந்திரத்தை இயக்கினாள். அது முனகி, யோசித்து, ஒரு தாளைத் துப்பியது. அதை எடுத்துப் பேனாவோடு அவர் முன்னால் வைத்தாள்.

"கையில குடுத்தாலும் செல்லும்னு விதியில இருக்கு சார். கையெழுத்துப் போடுங்க."

"மெயிலே போதுமேம்மா..."

"மெயிலுக்குக் கணக்கு இருக்கு சார். இதுக்கு இல்ல. இன்னிக்குத் தேதியும் போடுங்க."

அவர் அவளை ஒரு நிமிடம் புதிதாகப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தேதியும் போட்டார்.

அவர் போன பிறகு, நிரந்தர ஊழியராகத் தன் முதல் வேலையாக, அவள் 'எல்லாரும்' முகவரியை மூடாமல் ஒரேயடியாக நீக்கினாள். யாராவது அதைப் பற்றிப் புகார் செய்வார்கள் என்று ஒரு மாதம் வரை பயந்தாள். ஒருவரும் செய்யவில்லை. செய்ய நினைத்தவர்களுக்கு எல்லாருக்கும் எழுத வழியில்லை, தனியாக ஒருவருக்கு எழுதும் பழக்கமும் இல்லை.